இரண்டு கல் வழிக்கு ஒரு சிந்து

கடலுக்கு இக்கரையில் நின்றுகொண்டு அக்கரையில் கோயில் கொண்டிருக்கும் சுவாமியைப் பாடுவது தமிழுக்குப் புதிய வழக்கமன்று. ஞானசம்பந்தர் இராமேசுவரத்தில் தங்கியிருந்த நாளில், அங்கிருந்தபடியே ஈழத்துத் திருக்கோணமலையையும் திருக்கேதீச்சரத்தையும் பாடினார் என்று சேக்கிழார் சொல்லுகிறார். சுந்தரரும் அவ்வாறே இக்கரையிலிருந்து கேதீச்சரத்தைப் பாடியதாக வரலாறு. இந்தப் பதிகங்களைப் படிக்கிறவர்கள் கவனிக்கத்தக்க விஷயம் ஒன்றுண்டு. பாடியவர்கள் நின்ற கரை எதுவோ அது பாட்டில் இடம்பெறவில்லை. கோணமலையின் அடிவாரத்தில் முத்துக் கொழிக்கும் அலையும், மாதோட்டத்துச் சோலையும், பாலாவியின் கரையுமே இடம்பெறுகின்றன. நேரில் சென்று கண்டவரும் இதைவிடத் தெளிவாகச் சொல்லியிருக்க முடியாது. பாட்டு எந்த ஊர்ச் சுவாமிக்கோ அந்த ஊரே பாட்டுக்குள் வரவேண்டும் என்பதை அவர்கள் ஒரு விதியாக எழுதி வைக்கவில்லை. செய்து காட்டிவிட்டுப் போனார்கள்.

வெளிநாட்டிலிருக்கும் நம்மவர்களுக்காக இன்று எழுதப்படுகிற பக்திப் பாடல்களில் பெரும்பாலானவை இதற்கு நேர்மாறாக இருக்கின்றன. சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ தைப்பூசத்தன்று பாடுவதற்கென்று எழுதிய பாட்டில் பழநிப் படிக்கட்டும், சண்முகநதியும், விருப்பாட்சி மலைப்பழமும், வீட்டு வாசலில் கோலமிடும் தாயாரும் வருவார்கள். பாடுகிறவர் நிற்கும் தெரு வரவே வராது. ஊரை விட்டுப் போனவருக்கு ஊர் நினைவைத்தான் ஊட்ட வேண்டும் என்று பாட்டெழுதுகிறவர் தாமாக நினைத்துக்கொள்ளுகிறார். இதனால் என்ன நேருகிறதென்றால், கண்ணெதிரே சந்நிதியில் நிற்கும் முருகனை நோக்கி, ‘நீ இங்கே இல்லை, அங்கேதான் இருக்கிறாய்’ என்று பக்தர் முறையிடுகிற மாதிரி ஆகிவிடுகிறது. பிரிவாற்றாமைப் பாட்டு என்ற வகையில் அது நல்ல பாட்டாகவே இருக்கலாம். உத்ஸவத்தில் பாடுவதற்கு ஆகாது.

நான் இதைப் பற்றி யோசிக்க நேர்ந்ததற்குக் காரணம் என் ஊரும் அதன் சுற்றுப்புறமும்தான். ஜலகண்டாபுரம் தறிச் சத்தத்தில் கண்விழிக்கும் ஊர். ஊர்ப் பெயரைத் தம் பெயருக்கு முன் தாங்கிய ப. கண்ணன் அவர்கள் திராவிட இயக்க நாடகங்களால் இதன் பெயரைத் தமிழ்நாடெங்கும் கொண்டுபோனவர். பகுத்தறிவு வசனம் முழங்கிய அதே மண்ணில் தை மாதம் பிறந்தால் காவடிப் பாட்டும் முழங்குவதில் எங்களுக்கு யாதொரு முரண்பாடும் தோன்றுவதில்லை. பக்கத்து எடப்பாடியிலிருந்து பருவதராஜகுலத்தார் காவடி எடுத்துக்கொண்டு பழநிக்கு நடந்துபோகும் வழக்கம் முந்நூறு வருஷங்களுக்கு மேற்பட்டது என்பார்கள். ஆயிரக்கணக்கில் ஜனங்கள் சேர்ந்து நடந்து, காவிரியைக் கடந்து, கொங்கு நாட்டின் காடுமேடுகளைத் தாண்டிச் சென்று, மலைமேல் டன் கணக்கில் பஞ்சாமிர்தம் பிசைந்து, மற்ற எவருக்கும் இல்லாத உரிமையாக அந்த மலையிலேயே ஓர் இரவு தங்கிவிட்டுத் திரும்புகிறார்கள். பல நாள் நடையாதலால் அதற்கென்று ஏற்பட்ட பாட்டுகளும் நீளமானவை; எந்தச் சத்திரம், எந்த ஆறு, எந்த மேடு என்று வழியைச் சொல்லிக்கொண்டே போகும் வழிநடைச் சிந்துகள் அவை.

இந்த மாவட்டத்து மக்கள் கடல் கடந்து போவதும் நேற்று ஆரம்பித்ததன்று. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கும் மலாயா ரப்பர் தோட்டங்களுக்கும் கங்காணிகள் ஆள் சேர்த்த காலத்தில் திருச்சிராப்பள்ளியோடு சேலமும் முக்கியமான ஜில்லாவாக இருந்தது. இப்போது போகிறவர்கள் கட்டட வேலைக்கும் கப்பல் பட்டறைக்கும் போகிறார்கள். இரண்டு வருஷ அனுமதிச் சீட்டோடு போய், புதுப்பித்துப் புதுப்பித்துப் பத்து வருஷம் இருந்துவிடுகிறார்கள். அப்படிச் சிங்கப்பூருக்குப் போன உறவுக்காரப் பையன் ஒருவன்தான் ஒருநாள் தொலைபேசியில் கேட்டான்: “மாமா, பழநிக்கு நடக்கிற பாட்டெல்லாம் எங்களுக்கு மனப்பாடமுங்க. இங்க நடக்கிறதுக்கு ஒரு பாட்டு எழுதிக் குடுங்க. அந்தப் பாட்டைப் பாடினா ஆறு வர்றதுக்குள்ள கோயிலு வந்துருதுங்க.”

அவன் வேடிக்கையாகச் சொன்னதாக நினைத்துச் சிரித்தேனாயினும், யோசித்துப் பார்த்தபோது யாப்பைப் பற்றிய பிரச்சினை ஒன்றை அவன் மிகச் சரியாகச் சொல்லியிருப்பது தெரிந்தது. சிங்கப்பூர்த் தைப்பூசத்தில் காவடிகள் சிராங்கூன் சாலையிலுள்ள சீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து புறப்பட்டு, 1859-இல் நாட்டுக்கோட்டை நகரத்தார் டேங்க் ரோட்டில் கட்டிய தண்டாயுதபாணி கோயிலில் சென்று சேருகின்றன. வழி மூன்று நான்கு கிலோமீட்டருக்கு மேற்படாது. பழைய கணக்கில் இரண்டு கல்லும் கொஞ்சமும். அந்தத் தேசத்தில் தைப்பூசம் 1968 முதல் பொது விடுமுறை நாளும் அன்று. ஆகவே வேலைக்குப் போக வேண்டியவர்கள் பலர் முதல்நாள் நள்ளிரவை ஒட்டிப் புறப்பட்டு, பொழுது விடிவதற்கு முன் காவடியை இறக்கி வைக்கிறார்கள். காட்டு வழியும் இல்லை, வெயிலும் இல்லை, இளைப்பாறும் சத்திரமும் இல்லை. தெருவிளக்கும் வாகனங்களை நிறுத்தும் சிவப்பு விளக்கும் உண்டு. பல நாள் நடைக்கு அளவெடுத்துத் தைத்த பாட்டு இந்த வழிக்குப் பொருந்தாமல் போவது இயற்கை.

காவடிச் சிந்து என்றவுடன் நம் நினைவுக்கு வருகிறவர் சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார். ஊற்றுமலை ஜமீன்தார் இருதயாலய மருதப்பத் தேவர் கழுகுமலைக்குக் காவடி எடுத்துச் சென்றபோது அதற்கென்றே அவர் பாடியவை அந்தச் சிந்துகள் என்பது வழங்கிவரும் செய்தி. அவர் மறைந்தது 1891-இல், இளம் வயதில். அதாவது சிந்து என்னும் வடிவம் கால்களின் தேவைக்காகப் பண்பட்டது. சிந்துக்களின் இலக்கணத்தை ஆராய்ந்த இரா. திருமுருகன் அவர்கள் இதன் அடிப்படையை எல்லோருக்கும் விளங்கும்படி எடுத்துக்காட்டியிருக்கிறார். வெண்பாவிலும் விருத்தத்திலும் போல இங்கே தேமா, புளிமா என்று சீரை வாய்பாடு கொண்டு அளப்பதில்லை. ஒரு தாள அடிக்குள் எத்தனை எழுத்து என்று எண்ணுகிறோம். மெய்யெழுத்துக் கணக்கில் சேராது. குறிலும் நெடிலும் ஒன்றாகவே எண்ணப்படும். எழுத்துக் குறைந்த இடத்தைக் குரல் நீண்டு நிரப்பிக்கொள்ளும். சீருக்கு மூன்றெழுத்து வந்தால் மும்மை நடை, நான்கு வந்தால் நான்மை நடை, ஐந்தும் ஏழும் வந்தால் அவ்வவற்றின் நடை. தோளில் பாரம் சுமந்து நடக்கிறவனோடு கூடப் போகிறவர்களுக்கு மும்மை நடைதான் சௌகரியம். ஒரு துள்ளல் இருக்கிறது, மூச்சு வாங்கவும் இடம் கொடுக்கிறது. ஏழெழுத்து நடை கேட்க எத்தனை கம்பீரமாக இருந்தாலும், தெருவில் பத்துப் பேர் சேர்ந்து பாடும்போது மூன்றாம் கண்ணிக்குள் ஆளுக்கொரு பக்கமாகப் போய்விடும்.

இனி, பாடுகிறவர் யார் என்பதைப் பார்க்க வேண்டும். இதைப் பாட்டெழுதுகிறவர்கள் சாதாரணமாக மறந்துவிடுகிறார்கள். காவடி எடுப்பவர் நாக்கில் அலகு குத்தியிருப்பார். அவர் வாய் திறந்து பாட முடியாது. கூட வருகிற அண்ணன் தம்பியும் சிநேகிதர்களும்தான் பாடுகிறார்கள். ஆகையால், ‘நான் சுமந்து வந்தேன், எனக்கு அருள்வாய்’ என்று ஒருமையில் எழுதிய பாட்டு, சுமக்காதவன் வாயிலிருந்து சுமந்ததாக வரும் பொய்யாகிவிடுகிறது. ‘நாங்கள்’ என்று எழுதினால் சுமப்பவனும் கூட நடப்பவனும் அதில் அடங்கிவிடுவார்கள். அன்றியும் ஒருவர் முன்சொல்லப் பலர் பின்சொல்லும்படியாக, பின்சொல்லும் பகுதி ஒருமுறை கேட்டவுடனே நாவில் நிற்கும்படியாக இருக்க வேண்டும். அங்கேயே பிறந்து வளர்ந்த இளைஞர்கள் சிலர் தமிழைப் பேசுவார்களே தவிர எழுத்துக் கூட்டிப் படிக்கச் சிரமப்படுவார்கள். ஆங்கில எழுத்தில் அச்சிட்ட தாளை வைத்துக்கொண்டுதான் பாடுகிறார்கள். நீண்ட தொகைச்சொல்லை அப்படிப்பட்ட தாளில் போட்டால் எங்கே பிரிப்பது என்று தெரியாமல் நடுவில் முறித்துவிடுவார்கள். எனவே மூன்றெழுத்துச் சீருக்குள் ஒரு சொல்லாவது முழுசாக முடிகிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது.

மற்றொரு சங்கதி வாத்தியம். சிங்கப்பூரில் 1973 முதல் தெரு ஊர்வலங்களில் மேளதாளத்துக்குத் தடை இருந்தது. 2016-இல்தான் தைப்பூச வழியில் குறிப்பிட்ட மூன்று இடங்களில் நேரடியாக வாத்தியம் வாசிக்க அனுமதித்தார்கள். அதாவது நாற்பது வருஷத்துக்கு மேலாக அந்த வழியில் தவிலும் உறுமியும் இல்லாமல், குரலும் கைத்தட்டும் ‘வேல் வேல்’ என்ற கோஷமுமே காவடியை நடத்திக்கொண்டு போயின. நம் ஊர்ப் பாட்டுகளில் சொல் மெலிந்த இடத்தை மேளம் தூக்கிக் கொடுத்துவிடும்; அங்கே வழி முழுவதும் அந்தத் தயவு கிடையாது. எழுத்துக்குள்ளேயே தாளம் இருந்தாக வேண்டும். ஒரு கண்ணி அப்படி இருக்கிறதா என்று சோதிப்பதற்குச் சுலபமான வழி, ராகம் ஏதுமில்லாமல் அதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே வாசலில் நடந்து பார்ப்பதுதான். கால் தானாகச் சேர்ந்துகொண்டால் பாட்டு நிற்கும்; காலை நிறுத்தி யோசிக்க வேண்டியிருந்தால் அந்தச் சீரை மாற்ற வேண்டும். மலேசியாவில் நிலைமை வேறு. அங்கே உறுமி மேளக் குழுக்கள் சுயமாகப் பாட்டும் கட்டுகிறார்கள். பத்துமலையில் 272 படி ஏற வேண்டியிருப்பதால், கீழே நடக்கும்போது பாடிய சிந்து படியேறும்போது நின்றுபோய், ஒற்றைச் சொல் கோஷமாகச் சுருங்கிவிடுகிறது. சிங்கப்பூர் வழி சமதரை. அங்கே பாட்டு கடைசி வரைக்கும் தாங்க வேண்டும்.

இவற்றையெல்லாம் மனத்தில் கொண்டு அந்தப் பையனுக்கு எழுதியனுப்பிய கண்ணிகளில் ஒன்றை எடுத்துக்காட்டுகிறேன். எங்கள் பக்கத்து வழிநடைப் பாட்டின் ரீதியில், ஊரிலிருந்து பழநிக்குப் போகிறவர்களுக்காக நான் எழுதுவதானால் இப்படி எழுதுவேன்:

காவிரித் தண்ணீர் கடந்தோமே - கந்தா
காட்டு வழியே நடந்தோமே

அடிக்கு ஒன்பதெழுத்து, மூன்று மூன்றாகப் பிரிந்து மூன்று சீராகிறது. நான்காவது சீரின் இடத்தை முதலடியில் ‘கந்தா’ என்ற தனிச்சொல் எடுத்துக்கொள்ள, இரண்டாமடியில் அந்த இடம் காலியாக இருக்கிறது. அங்கேதான் கூட்டம் ‘வேல் வேல்’ என்று விழுகிறது. காவிரியும் காடும் மோனையாகவும் நிற்கின்றன, வழியாகவும் நிற்கின்றன. இதே சட்டத்தில் சிங்கப்பூருக்கென்று எழுதியது இது:

சாலை விளக்கில் நடந்தோமே - கந்தா
தாளம் மனத்தில் சுமந்தோமே

எழுத்தெண்ணிப் பார்த்தால் இதுவும் ஒன்பதே. சகரத்துக்குத் தகரம் மோனையாகும் என்ற பழைய அனுமதியைப் பயன்படுத்திக்கொண்டேன். இதில் ஊரைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஆனால் எடப்பாடிக் காவடியோடு ஒருமுறையாவது நடந்தவனுக்கு, சட்டம் அதே சட்டமாதலால், வாய் இந்தச் சொற்களைச் சொல்லும்போது கால் காவிரிக் கரையில் நடக்கும். ஊர் ஏக்கம் என்பது சொல்லில் இருக்க வேண்டிய அவசியமில்லை. நடையில் இருந்தால் போதும் என்பது என் அபிப்பிராயம். நடைக்குள் வைத்த ஏக்கம் யாருக்கு வேண்டுமோ அவருக்குக் கேட்கும். அங்கேயே பிறந்து பழநியைப் பார்த்திராத பையனுக்கு அது வெறும் நல்ல தாளமாக இருக்கும், அவனை அது ஒதுக்கி வைப்பதில்லை.

கண்ணிகளைக் கதைபோல் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடுக்காமல், தனித்தனியே முடியும்படி எழுதியதற்கும் காரணமுண்டு. சாலைச் சந்திப்புகளில் நடை நின்று நின்று போகும். நின்ற இடத்தில் சிலர் முன்னே போய்விடுவார்கள், சிலர் பின்னே தங்கிவிடுவார்கள். பாட்டு எங்கே அறுந்தாலும் எங்கிருந்தும் மறுபடி எடுக்கும்படி இருக்க வேண்டும். முப்பது கண்ணி இருந்தால் முன்பின்னாக மாற்றிப் பாடி இரவெல்லாம் ஓட்டலாம். வழிநடைச் சிந்தில் ஆற்றுக்கு அப்பால் மேடு, மேட்டுக்கு அப்பால் சத்திரம் என்று ஒரு கிரமம் இருக்கும். இரண்டு கல் வழியில் அந்தக் கிரமத்தை வைத்துக் கட்டினால், என் மருமகன் சொன்னபடி ஆறு வருமுன் கோயில் வந்துவிடும்.

எல்லாத் திருவிழாவும் இப்படிக் கடல் கடந்து போகக்கூடியதா என்று கேட்டால், இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். மாரியம்மன் கப்பலேறிப் போனவள். சிங்கப்பூரில் அவளுக்குக் கோயில் ஏற்பட்டது 1827-இல், நகரம் ஏற்பட்டு எட்டு வருஷத்துக்குள். எங்கள் சேலத்தில் கோட்டை மாரியம்மனுக்கு ஆடியில் விசேஷம். அங்கே தீமிதி ஐப்பசியில், தீபாவளியை ஒட்டி. மாதம் மாறினாலும் அம்மனுக்குக் குறைவில்லை, பாட்டுக்கும் குறைவில்லை. ஆனால் சென்ற ஆடியில் வேறொரு குழுவினர் ஆடிப்பெருக்குக்குப் பாட்டு வேண்டுமென்று கேட்டபோது எனக்கு எழுத வரவில்லை. எழுத மாட்டேன் என்றே சொல்லிவிட்டேன். பதினெட்டாம் பெருக்கு மேட்டூரில் திறந்த தண்ணீருக்கும், அதில் முளைப்பாரியை விட்டுத் தாலிக் கயிற்றை மாற்றிக்கொள்ளும் பெண்களுக்கும் உரியது. அங்கே தெய்வமும் ஆறும் ஒன்றேயாதலால், ஆற்றை விட்டுவிட்டுத் தெய்வத்தை மட்டும் எடுத்துப்போக வழியில்லை. குழாய்த் தண்ணீரின் முன் நின்று காவிரியை அழைக்கும் பாட்டு அழகாக எழுதப்படலாம்; எழுதியவரைப் புகழவும் புகழ்வார்கள்; என்னால் முடியாது.

நமக்குத் தெரிந்தவரை சிங்கப்பூர் முருகனுக்கு முதலில் ஊர்ப்பெயரைக் கொடுத்துப் பாடியவர் சேலத்தாரும் அல்லர், செட்டிநாட்டாரும் அல்லர். யாழ்ப்பாணத்து வண்ணைநகர்ச் சதாசிவ பண்டிதர் ‘சிங்கை நகர் அந்தாதி’யை எழுதி 1887-இல் அந்த நகரிலேயே அச்சிட்டார். சிங்கப்பூரில் வெளிவந்து இன்று நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய தமிழ் நூல்களில் அது ஒன்று. அந்தாதி என்னும் கடினமான பிரபந்த வடிவத்தை, துறைமுகமும் வட்டிக்கடையும் கூலி வரிசையுமாக இருந்த ஓர் ஊருக்காக அவர் எடுத்துக்கொண்டது சாமானிய காரியமன்று. தாயகத்து ஸ்தலங்கள் எந்த மரியாதையோடு பாடப்பட்டனவோ அதே மரியாதையை அந்த ஊருக்கும் கொடுத்தார். நல்லூரிலிருந்து பிரிந்த துக்கத்தை அவர் எழுதியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் சிங்கையைப் பெயர் சொல்லி அழைத்தார். இன்று பக்திப் பாடல் எழுதித் தருகிற நம்மில் பலர், அங்கே ஒன்றே கால் நூற்றாண்டுக்கு முன்பே முடிந்துவிட்ட வேலையைத் தெரிந்துகொள்ளாமல், அந்த ஊரை இன்னமும் வனவாசமாகவே பாடிக்கொண்டிருக்கிறோம்.

என் கண்ணிகள் சென்ற தைப்பூசத்தில் பாடப்பட்டன. பையன் ஒலிப்பதிவை அனுப்பியிருந்தான். நான் எழுதிக் கொடுத்தபடியே எல்லாவற்றையும் பாடவில்லை. சிந்துக்குக் கடைசிக் கண்ணியில் பாட்டெழுதியவன் பெயரை முத்திரையாக வைப்பது வழக்கமாதலால் நானும் ஊர்ப்பெயரை நுழைத்திருந்தேன், அதை விட்டுவிட்டார்கள். சரிதான், அங்கே ஜலகண்டாபுரத்துக்கு என்ன வேலை? ஆனால் நான் மேலே காட்டிய கண்ணியின் முதலடி முற்றிலும் வேறாகியிருந்தது. ‘சாலை விளக்கில்’ என்பதை எடுத்துவிட்டு, ‘சிராங்கூன் சாலை நடந்தோமே’ என்று பாடிக்கொண்டு போனார்கள். எண்ணிப் பார்த்தேன், ஒன்பதெழுத்து, தாளம் கெடவில்லை. வேற்றுமை உருபு தொக்கி நிற்கிறது, சிந்தில் அதற்கு இடமுண்டு. மோனை மட்டும் அறுந்துவிட்டது: ‘சி’யோடு ‘தா’ சேராது. எவன் மாற்றினான் என்று கேட்டதற்கு, “தெரியலீங்க மாமா, நடக்கும்போது யாரோ சொன்னாங்க, அப்படியே வந்துருச்சு” என்றான். முதலடியை நான் தொடவில்லை. அடுத்த தைக்கு அனுப்பவேண்டிய தாளில் இரண்டாமடியைத்தான் மாற்றியிருக்கிறேன்:

சிராங்கூன் சாலை நடந்தோமே - கந்தா
சிந்தையில் தாளம் சுமந்தோமே